நடுங்காத மண்ணில் நடுக்கக் காப்பீடு: ஓசூர் வீடும் ஒரு விலக்கு வரியும்

பெங்களூரிலிருந்து ஓசூர் வருபவர்கள் அத்திப்பள்ளியைத் தாண்டியதும் மாநிலம் மாறுகிறது, கடைப் பலகைகளில் எழுத்து மாறுகிறது. இன்னொன்றும் மாறுகிறது. அது கண்ணுக்குத் தெரியாது. இந்தியத் தர நிர்ணய அமைப்பின் ஐ.எஸ். 1893 என்ற நிலநடுக்க விதிநூல் 2002-ல் திருத்தப்பட்டபோது, அதன் பின்னிணைப்பில் ஊர்களின் பட்டியல் ஒன்று வந்தது. அதில் பெங்களூருக்கு நேரே மண்டலம் 2 என்றும், தருமபுரிக்கு நேரே மண்டலம் 3 என்றும் இருக்கிறது. அப்போது ஓசூரும் கிருஷ்ணகிரியும் தருமபுரி மாவட்டத்தில்தான் இருந்தன. கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது 2004 பிப்ரவரியில். எண் கூடினால் ஆபத்து கூடும் என்று பொருள். அதாவது, ஒரே பாறையின் மேல் உட்கார்ந்திருக்கும் இரண்டு ஊர்களில் தமிழ்நாட்டுப் பக்கம் இருப்பதற்கு ஒரு படி அதிக எண்!

ஆனால் ஓசூர்க்காரர் யாரிடமாவது "உங்கள் வீட்டுக்கு நிலநடுக்கக் காப்பீடு இருக்கிறதா?" என்று கேட்டால் சிரிப்புதான் பதிலாக வரும். அதில் நியாயமும் இருக்கிறது. இது தார்வார் நிலத்திட்டு எனப்படும் பழைய பாறை நிலம். 250 கோடி ஆண்டுகளுக்கும் மேற்பட்ட வயது. சுற்றிலும் கிரானைட் குன்றுகள். இமயமலைப் பக்கம் போல இரண்டு தட்டுகள் மோதிக்கொள்ளும் இடம் அல்ல.

அப்படியென்றால் ஆபத்தே இல்லையா? 1900 பிப்ரவரி 8 அன்று கோவைப் பகுதியில் ஏற்பட்ட நிலநடுக்கம் ஏறத்தாழ 6 ரிக்டர். தென்னிந்தியா முழுவதும் அது உணரப்பட்டது. 1993 செப்டம்பர் 30 அதிகாலையில் மகாராஷ்டிராவின் லாத்தூர் பகுதி குலுங்கியபோது, அந்த இடம் அன்றைய வரைபடத்தில் மிகக் குறைந்த ஆபத்துள்ள மண்டலம் 1-ல் இருந்தது. அங்கே சுமார் 10,000 பேர் இறந்தார்கள். பின்னர் 2002 வரைபடத்தில் மண்டலம் 1 என்பதையே எடுத்துவிட்டார்கள். "நடுங்கவே நடுங்காது" என்று சொல்லக்கூடிய இடம் காகிதத்தில் இந்தியாவில் இல்லாமல் போனது அப்போதுதான்.

காப்பீட்டுக் காகிதத்தில் இந்த ஆபத்துக்கு என்ன இடம் கொடுத்தார்கள் என்பதே இக்கட்டுரையின் கதை. ஒரு வீட்டுக்காரருக்கு நிலநடுக்கக் காப்பு தானாகவே வந்ததா, தனியாகக் கேட்டு வாங்க வேண்டியிருந்ததா என்ற கேள்விக்கு இந்தியாவில் பதில் சில முறை மாறியிருக்கிறது.

முதலில், நிலநடுக்கத்தைத் தீயிலிருந்து ஏன் பிரித்தார்கள்? தீ ஒரு வீட்டில் பிடிக்கும். மிஞ்சினால் தெருவில் நான்கு வீடு எரியும். பத்தாயிரம் பேரிடம் பிரீமியம் வாங்கி நாலு பேருக்குக் கொடுக்கலாம். நிலநடுக்கம் பத்தாயிரம் பேரையும் ஒரே நிமிடத்தில் உரிமைகோரல் படிவத்தோடு வரிசையில் நிற்க வைத்துவிடும். இந்தப் பயத்தை எல்லோருக்கும் கற்றுக்கொடுத்த ஊர் சான்ஃபிரான்சிஸ்கோ. 1906 ஏப்ரல் 18 அன்று அந்த நகரம் குலுங்கியது. பிறகு நாட்கணக்கில் எரிந்தது. மக்களிடம் இருந்தது தீக் காப்பீடு. நிறுவனங்கள் "கட்டடம் முதலில் நடுக்கத்தில் விழுந்தது, விழுந்தபின் எரிந்ததற்குப் பணம் இல்லை" என்று வாதாடின. வீட்டுக்காரர்களோ "எரியும்வரை நின்றது" என்றார்கள். நடுக்கத்தில் இடிந்த வீட்டுக்குச் சொந்தக்காரரே தீ வைத்ததாகவும் அப்போது பேச்சு எழுந்தது. எது முதலில் நடந்தது என்று சாம்பலைப் பார்த்துச் சொல்வது சுலபமா என்ன!

அந்த வழக்குகளின் நிழல் இந்தியக் காகிதங்களிலும் விழுந்தது. நம் நாட்டில் தீக் காப்பீட்டின் வாசகத்தையும் விலையையும் கட்டண ஆலோசனைக் குழு என்ற அமைப்பு முடிவு செய்து வந்தது. எந்தக் கம்பெனியில் வாங்கினாலும் ஒரே வாசகம், ஒரே விலை. அதன் அடிப்படைப் பாலிசியின் பெயர் "நிலையான தீ மற்றும் சிறப்பு ஆபத்துகள் பாலிசி". இதில் தீ, இடி, வெடிப்பு, கலவரம், புயல், வெள்ளம் எல்லாம் உள்ளே. நிலநடுக்கம், எரிமலை மற்றும் இயற்கையின் பிற கொந்தளிப்புகள் வெளியே. விலக்குகள் பட்டியலில் ஒரே ஒரு வரி. தனிப் பிரீமியம் கட்டினால் அந்த வரி நீக்கப்படும். அந்த இணைப்புக்கு "நிலநடுக்கம் (தீயும் அதிர்ச்சியும்)" என்று பெயர். தீயையும் சேர்த்துச் சொன்னதற்குக் காரணம் சான்ஃபிரான்சிஸ்கோதான். இணைப்பு வாங்காதவரின் வீட்டில் நடுக்கத்தால் காஸ் குழாய் உடைந்து தீப்பிடித்தால், தீக் காப்பீடு கையில் இருந்தும் பணம் கிடையாது.

இந்த இணைப்பின் வாசகத்தில் இன்னொரு வரி உண்டு, பலரும் கவனிக்காதது. நிலநடுக்கத்தின் விளைவாகக் கடல், ஏரி, அணை, ஆறு பொங்கி வரும் நீரால் ஏற்படும் சேதமும், அதனால் வரும் நிலச்சரிவும் இந்த இணைப்பில்தான் அடங்கும். 2004 டிசம்பர் 26 காலையில் நாகப்பட்டினம் கரையில் வந்தது இத்தகைய நீர்தான். சுமத்ரா அருகே கடலடியில் நடந்த நடுக்கத்தை நாகையில் உணராதவர்களுக்கும் அது நிலநடுக்கச் சேதம். அடிப்படைப் பாலிசியில் "வெள்ளம்" இருக்கிறதே என்று நம்பியவருக்கு இந்த வரி எவ்வளவு முக்கியம் என்று யோசித்துப் பாருங்கள். கடலே இல்லாத கிருஷ்ணகிரியிலும் தென்பெண்ணையின் குறுக்கே கே.ஆர்.பி. அணை இருக்கிறது.

விலை? ஆயிரம் ரூபாய்க் காப்புத் தொகைக்கு ஆண்டுக்குப் பைசாக் கணக்கில்தான். இருந்தும் தென்னிந்தியாவில் வாங்கியவர்கள் குறைவு. ஓசூரில் சிப்காட் தொழிற்பேட்டை வந்து, அசோக் லேலண்ட், டி.வி.எஸ்., டைட்டன் என்று ஆலைகள் 1980-களில் வரிசையாக எழுந்தபோது, ஆலை நிர்வாகத்துக்கு விலக்குகளைப் படித்துப் பார்க்கத் தனி ஆட்கள் இருந்தார்கள். ஆலைக்கு வேலைக்கு வந்து, கடன் வாங்கி, சைஸ் கல் அஸ்திவாரம் போட்டு வீடு கட்டியவருக்கு அப்படி யாரும் இல்லை. வங்கி கேட்டது தீக் காப்பீடு; கிடைத்தது தீக் காப்பீடு. அந்தத் தாள் பத்திரத்தோடு வங்கிப் பெட்டிக்குள் போய்விடும். விலக்கு வரி வீட்டுக்காரர் கண்ணில் படவே படாது.

இந்த ஏற்பாட்டின் பலவீனம் 2001 ஜனவரி 26 அன்று வெளிச்சத்துக்கு வந்தது. குடியரசு தினக் காலை 8.46-க்குக் குஜராத்தின் கட்ச் பகுதி குலுங்கியது. 13,000-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். லட்சக்கணக்கான வீடுகள் விழுந்தன. மொத்த இழப்பில் காப்பீட்டிலிருந்து வந்தது மிகச் சிறிய பங்கே. இதில் ஓசூர்க்காரர்கள் கவனிக்க வேண்டிய ஊர் பூஜ் அல்ல, அகமதாபாத். மையத்திலிருந்து 200 கிலோமீட்டருக்கும் அப்பால் இருந்த அந்த நகரில், தரைத்தளத்தில் சுவரே இல்லாமல் தூண்களின் மேல் நின்ற அடுக்குமாடிகள் சரிந்தன. அன்று அகமதாபாத் இருந்தது மண்டலம் 3. அடுத்த ஆண்டு தருமபுரிக்கு நேரே அச்சான அதே எண்.

சேதத்தை எப்படி அளந்தார்கள் என்பதிலும் குஜராத் ஒரு பாடம். அரசு பொறியாளர் குழுக்களை அனுப்பி ஒவ்வொரு வீட்டுக்கும் ஜி1 முதல் ஜி5 வரை ஒரு தரம் போட்டது. மெல்லிய விரிசல் என்றால் ஜி1. இடிந்து விழுந்தது என்றால் ஜி5. தரத்துக்கு ஏற்ப உதவித்தொகை. இது விரைவான முறை. ஆனால் ஜி3-க்கும் ஜி4-க்கும் நடுவில் நிற்கும் வீட்டின் கதி பார்க்க வந்தவரின் கண்ணில்தான் இருக்கிறது. ஜப்பான் இதே வழியைக் காப்பீட்டுக்கே பயன்படுத்துகிறது. 2017 முதல் அங்கே நான்கு படிகள்: முழுச் சேதத்துக்குக் காப்புத் தொகையில் 100 சதவீதம், அடுத்து 60, 30, கடைசியில் 5. பில்லும் வேண்டாம், வவுச்சரும் வேண்டாம்.

இந்தியக் காப்பீட்டு நிறுவனங்களின் வழி வேறு. உரிமம் பெற்ற சர்வேயர் ஒருவர் வருவார். அவர் தரம் போடுவதில்லை, செலவைக் கணக்கிடுகிறார். அதற்கு முன் ஒரு கேள்விக்கு விடை தேடுகிறார்: இந்த விரிசல் நிலநடுக்கத்தால் வந்ததா?

ஓசூர், கிருஷ்ணகிரிப் பக்கம் இந்தக் கேள்வி சும்மா கேட்பது அல்ல. இங்கே சுவர் விரிசல் விடக் காரணங்களுக்குப் பஞ்சமே இல்லை. கிரானைட் குவாரியில் வெடி வைக்கிறார்கள். பள்ளத்தை மண் கொட்டி மேடாக்கிய மனையில் வீடு கட்டுகிறார்கள். பக்கத்து மனையில் அடித்தளத்துக்கு ஆழமாகத் தோண்டுகிறார்கள். சரியாக நீராற்றாத ஹாலோ பிளாக் சுவர் காய்ந்து சுருங்குகிறது. நிலம் அமிழ்வதும் சரிவதும் பாலிசியில் உண்டு என்றாலும், புதுக் கட்டடம் இயல்பாக அமர்வதால் வரும் விரிசல், கொட்டிய மண் இறங்குவது, மோசமான வடிவமைப்பு அல்லது வேலை, தோண்டும் பணிகள் ஆகியவை அதிலிருந்து விலக்கப்பட்டவை.

எனவே சர்வேயர் முதலில் பார்ப்பது நாளையும் நேரத்தையும். டெல்லியில் உள்ள தேசிய நிலநடுக்க ஆய்வு மையம் ஒவ்வொரு நடுக்கத்துக்கும் நேரம், மையம், அளவு மூன்றையும் பதிவு செய்து வெளியிடுகிறது. அந்தப் பதிவில் ஒன்றும் இல்லாமல், பிற்பகலில் குவாரி வெடிக்கும் நேரத்தில் மட்டும் ஜன்னல் அதிர்ந்தது என்றால் அது நிலநடுக்க உரிமைகோரல் ஆகாது.

அடுத்து விரிசலின் வடிவம். பக்கவாட்டில் ஆட்டப்பட்ட சுவர் ஜன்னல், கதவு மூலைகளிலிருந்து சாய்வாகப் பிளக்கும். இரண்டு ஜன்னல்களுக்கு நடுவே உள்ள சுவரில் இரு சாய்வுகளும் சேர்ந்து பெருக்கல் குறி போல நிற்கும். நிலம் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டியதன் கையெழுத்து அது. இரண்டு சுவர்கள் சேரும் மூலையில் செங்குத்தாகப் பிரியும். தூண், உத்தரம் உள்ள வீட்டில் உத்தரத்துக்கும் அதன் கீழ் உள்ள செங்கல் சுவருக்கும் நடுவில் கிடைமட்டமாகக் கோடு விழும். அஸ்திவாரம் ஒரு பக்கம் இறங்கியதால் வந்த விரிசல் பெரும்பாலும் ஒரு மூலையில் ஒதுங்கி, ஒரு முனையில் அகலமாகவும் மறு முனையில் மெல்லியதாகவும் இருக்கும். சுருக்க விரிசல் பூச்சில் வலை போலப் பரவும். பூச்சைக் கொத்திப் பார்த்தால் உள்ளே சுவர் முழுசாக இருக்கும்.

விரிசலின் வயதும் தெரிந்துவிடும். பழைய விரிசலுக்குள் தூசி, சிலந்தி வலை, போன பொங்கலுக்கு அடித்த வெள்ளை எல்லாம் போயிருக்கும். புதியது கூர்மையான விளிம்போடு சுத்தமாக இருக்கும். இன்னும் அசைகிறதா என்று அறிய விரிசலின் குறுக்கே சிறு கண்ணாடித் துண்டை ஒட்டி வைப்பார்கள். கண்ணாடி உடைந்தால் சுவர் இன்னும் நகர்கிறது என்று பொருள். தூணில் கான்கிரீட் உதிர்ந்து கம்பி வளையங்கள் தெரிந்தால் பேச்சே வேறு: சர்வேயர் தனியாக முடிவு செய்ய மாட்டார், கட்டமைப்புப் பொறியாளர் வர வேண்டும்.

இப்போது ஒரு கணக்கைப் பார்ப்போம். பாகலூர் சாலையில் ஒரு கற்பனை வீடு. உட்பரப்பு 900 சதுர அடி. இன்று கட்டினால் சதுர அடிக்கு 2,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் கட்டுமான மதிப்பு 18 லட்சம். (நில மதிப்பு இதில் சேராது. நடுக்கத்தில் மனை எங்கும் போய்விடுவதில்லை.) வங்கிக் கடன் 12 லட்சம் என்பதால் காப்பும் 12 லட்சத்துக்கே எடுத்திருக்கிறார்கள். நடுக்கத்துக்குப் பின் மேஸ்திரி கொடுத்த மதிப்பீடு 3 லட்சம். அதில் 60,000 ரூபாய் வேலை பின்பக்க மூலையின் பழைய இறக்க விரிசலுக்கு உரியது என்று சர்வேயர் கண்டுபிடிக்கிறார். மீதி 2,40,000.

பழைய பாலிசியில் நிலநடுக்க இணைப்பு இல்லை என்றால் விடை பூஜ்யம். இணைப்பு இருந்தாலும் கதை முடியவில்லை. வீட்டின் வயதுக்காக 20 சதவீதம் தேய்மானம் கழித்தால் சேதம் 1,92,000 ஆகிறது. வீட்டின் மதிப்பும் அதே விகிதத்தில் 14.4 லட்சமாக இறங்குகிறது. காப்பு எடுத்திருப்பது 12 லட்சம்தான். அதாவது ஆறில் ஐந்து பங்கு. மீதி ஒரு பங்குக்கு வீட்டுக்காரரே காப்பீட்டாளர் என்று பாலிசி கருதும். 1,92,000-ல் ஆறில் ஐந்து, 1,60,000. வேறு கழிவு இல்லாவிட்டால் கையில் வருவது இது. வீட்டுக்காரர் எதிர்பார்த்ததோ 3 லட்சம். ஏமாற்றம் என்று அவர் சொல்வார். விதிப்படி என்று அலுவலகம் சொல்லும். இரண்டும் உண்மையே.

கட்டணக் குழுவின் விலைக் கட்டுப்பாடு 2007 ஜனவரி 1-ல் போனது. ஆனால் பாலிசி வாசகம் பெரும்பாலும் அப்படியே தொடர்ந்தது. உண்மையான மாற்றம் 2021 ஏப்ரல் 1-ல்தான் வந்தது. வீடுகளுக்குத் தீக் காப்பீடு தரும் நிறுவனங்கள் அனைத்தும் "பாரத் கிருக ரக்ஷா" என்ற ஒரே மாதிரியான பாலிசியை விற்க வேண்டும் என்று ஐ.ஆர்.டி.ஏ.ஐ. உத்தரவிட்டது. இதில் நிலநடுக்கம் விலக்குகள் பட்டியலிலிருந்து காப்புகள் பட்டியலுக்கு இடம் மாறிவிட்டது. கேட்டு வாங்க வேண்டாம், தானாகவே வரும். காப்புத் தொகையைக் கடன் அளவை வைத்து அல்லாமல் உட்பரப்பையும் கட்டுமான விலையையும் பெருக்கி வைக்கச் சொன்னார்கள். அது ஆண்டுதோறும் 10 சதவீதம் தானாக உயரும். குறைவாகக் காப்பு எடுத்தால் வெட்டும் அந்த ஆறில் ஐந்து கணக்கும் முற்றிலும் நீக்கப்பட்டது.

பாகலூர் சாலை வீட்டுக்கு இந்தப் பாலிசி இருந்தால், ஏற்றுக்கொள்ளப்பட்ட பழுது செலவான 2,40,000 அப்படியே வரும். பொறியாளர், சர்வேயர் போன்றோரின் கட்டணத்துக்கு அதில் 5 சதவீதம் வரை, அதாவது 12,000. இடிபாடு அகற்ற 2 சதவீதம் வரை, அதாவது 4,800. சுவர் திறந்து கிடக்கும் வீட்டில் ஏழு நாட்களுக்குள் திருடு போனாலும் காப்பில் சேரும் (இதை எழுதியவர் நிச்சயம் ஓர் இடிந்த தெருவைப் பார்த்தவராக இருக்க வேண்டும்). பழைய இறக்க விரிசலின் 60,000 மட்டும் அன்றும் இல்லை, இன்றும் இல்லை.

இதோடு கதை முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். 2024 ஜூனில் ஐ.ஆர்.டி.ஏ.ஐ. வெளியிட்ட தலைமைச் சுற்றறிக்கை கடிகார ஊசியைக் கொஞ்சம் பின்னுக்குத் திருப்பியது. வாடிக்கையாளருக்குக் கூடுதல் தேர்வு என்ற பெயரில், தீ மட்டும் உள்ள அடிப்படைக் காப்பை எடுத்து, வெள்ளம், புயல், நிலநடுக்கம், நிலச்சரிவு போன்றவற்றை வேண்டுமானால் சேர்த்துக்கொள்ளும் வழியும் திறக்கப்பட்டது. எல்லாம் அடங்கிய பாலிசியும் இருக்கிறது. ஆனால் இமயமலை அடிவாரத்தில் இருப்பவர் நிலநடுக்கத்தைச் சேர்ப்பார், ஓசூரில் இருப்பவர் சில ரூபாய் மிச்சம் என்று விட்டுவிடுவார். ஆபத்து உள்ளவர்கள் மட்டுமே வாங்கும் காப்பு போகப்போக விலை ஏறும் என்பது காப்பீட்டுக்காரர்களுக்குப் பழைய பாடம்.

அதே சுற்றறிக்கை மதிப்பீட்டின் வேகத்தைக் கூட்டியது. உரிமைகோரல் வந்த 24 மணி நேரத்துக்குள் சர்வேயர் நியமிக்கப்பட வேண்டும், 15 நாட்களுக்குள் அவர் அறிக்கை வர வேண்டும், அதன்பின் 7 நாட்களுக்குள் நிறுவனம் முடிவு சொல்ல வேண்டும். ஒரு வீடு விழுந்தால் இது நடக்கும். ஒரு மாவட்டமே விழுந்தால் 24 மணி நேரத்தில் அத்தனை சர்வேயர்களுக்கு எங்கே போவது என்பதற்கு பூஜ் அளவிலான சோதனை இந்த விதிக்கு இன்னும் வரவில்லை.

காப்பே இல்லாதவருக்கு மீதி இருப்பது அரசு நிவாரணம். 2022 முதல் 2026 வரையிலான ஆண்டுகளுக்கு வகுத்த பேரிடர் நிவாரண அளவுகளின்படி, சமவெளியில் முழுவதும் சேதமான வீட்டுக்கு 1,20,000 ரூபாய். பகுதிச் சேதம் என்றால் குறைந்தது 15 சதவீதமாவது சேதம் இருக்க வேண்டும். பக்கா வீட்டுக்கு 6,500 ரூபாய். பாகலூர் சாலை வீட்டின் 2,40,000 ரூபாய்ப் பழுது அதன் 18 லட்ச மதிப்பில் 13 சதவீதம் சொச்சம். அந்தக் கணக்கில் பார்த்தால், அளக்க வரும் கிராம நிர்வாக அலுவலரின் படிவத்தில் அந்த வீட்டுக்கு இடமே இல்லை.